பில்லிங் மென்பொருள் 4.2: உங்கள் கடையில் என்ன மாறுகிறது

சோதனைப் பதிப்போடு போன வாரம் அனுப்பிய குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது:

```
fix: duplicate write on sync reconnect
```

"இது எனக்கு எழுதினதா, உங்களுக்கே எழுதிக்கிட்டதா?" என்று சாட்ஸ்வொர்த்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன் செய்து கேட்டார். கேட்டது நியாயம்தான். அதனால் குறிப்பை முதலிலிருந்து மாற்றி எழுதியிருக்கிறோம்.

கரண்ட் போய் வந்தால் பில் இரட்டிக்காது. அந்த வரிக்கு அர்த்தம் இதுதான். லோட் ஷெட்டிங்கில் இணையம் அறுந்து திரும்பும்போது, கடைசியாகப் போட்ட பில் சில சமயம் இரண்டு தடவை பதிவாகிவிடும். விற்றது ஒரு மூட்டை அரிசி, கணக்கில் குறைவது இரண்டு. இனி ஒரு பில் ஒரு தடவைதான் பதிவாகும். பழைய இரட்டைப் பில்களை நாங்கள் தொடவில்லை. 'அறிக்கைகள்' பக்கத்தில் 'இரட்டைப் பில்கள்' என்று ஒரு பட்டியல் புதிதாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்து நீங்களே நீக்குங்கள். ஒரே ஆள் ஒரே சாமானை இரண்டு தடவை வாங்கியும் இருக்கலாம், அது எங்களுக்குத் தெரியாது.

ராத்திரி கல்லாக் கணக்கு இடிக்காது. 5 சென்ட் காசு அடிப்பதை 2012லேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே R47.86 பில்லுக்கு ரொக்கமாக R47.80 வாங்குகிறீர்கள். மென்பொருளோ 47.86 வந்ததாகவே எழுதிக்கொண்டிருந்தது. பில்லுக்கு ஆறு சென்ட், எட்டு சென்ட் என்று சேர்ந்து, கடை மூடும்போது கல்லாவில் துண்டு விழும். இனி ரொக்கம் என்றால் சென்ட் கணக்கு கீழே இறங்கிப் பத்தில் நிற்கும், குறைத்த தொகை பில்லில் தனி வரியாக அச்சாகும். கார்டுக்கு மாற்றமில்லை, முழு 47.86தான்.

புதுச் சரக்கைச் சேர்த்தால் வாட் கேட்கும். இதுவரை கேட்காமலே 15% போட்டுவிடும். அரிசி, காய்ந்த பருப்பு, பிரவுன் பிரெட்டுக்கு வாட் பூஜ்ஜியம். வெள்ளை பிரெட், மசாலாத்தூளுக்கு 15%. ஏற்கெனவே தப்பாகப் பதிந்திருந்தால், வரிக் கணக்கு கொடுத்து முடித்திருப்பீர்கள், அதனால் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திருத்துங்கள்.

தமிழில் சரக்குப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு: 'கொத்தமல்லி'யில் கொம்பும் காலும் பிய்ந்து அச்சானது சரியாகிவிட்டது.

கடை மூடியபின், அன்றைய கணக்கை முடித்துவிட்டுப் புதுப்பியுங்கள். பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் பயமில்லை, பழைய பதிப்பே திறக்கும், மறுநாள் திரும்ப முயலலாம்.

இன்னும் தீராதது ஒன்று: கடன் நோட்டை போனில் பார்க்கும் வசதி. பலர் கேட்டீர்கள். அது 4.2இல் இல்லை.