எழுநூற்று ஐம்பது டீ

விளம்பரம் ஓடி முடிந்த ஏழாம் நாள் காலையில், கார்த்தி போனை நீட்டினான்.

"நாப்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்காங்க மாமா. லைக் மட்டும் ஆயிரத்துக்கு மேல."

மாமா பாய்லரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னைக்குப் பால் எத்தனை லிட்டர் வாங்கினேன்?"

"பதினஞ்சு."

"போன வாரம்?"

அதுவும் பதினைந்துதான். கார்த்தி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

திருப்பூரில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தின் முனையில் அந்தக் கடை. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், மாமாவிடம் 3,000 ரூபாய் கேட்டு வாங்கி, இஞ்சி டீயில் ஆவி பறக்கும் வீடியோ ஒன்றைப் போட்டிருந்தான். வீடியோ நன்றாகத்தான் வந்திருந்தது. கட்டிய பணத்துக்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம் என்பதால், விளம்பரத்துக்கு நின்றது 2,542 ரூபாய். அது அவனுக்கு முன்பே தெரியாது. ஏழு நாளில் கடைக்கு வந்தது ஒரே ஒரு போன். காங்கயத்திலிருந்து ஒருவர், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்டார்.

"மாப்ள, இங்க வா. அந்த மூவாயிரத்தை எடுக்க எத்தனை டீ விக்கணும்?"

டீ 12 ரூபாய். கார்த்தி மனசுக்குள் வகுத்தான். "இருநூத்தி அம்பதுங்க மாமா."

"பால் யாரு குடுப்பா? சக்கரை, தூள், கேஸ், வாடகை? எல்லாம் போக ஒரு டீக்கு நாலு ரூபா நின்னா பெரிசு."

எழுநூற்று ஐம்பது. மாமா அதைச் சொல்லவில்லை. அவனே கணக்குப் போட்டு, அவனே வாயை மூடிக்கொண்டான். அந்த வாரம் முழுக்க மாமா பாய்லர் முன்னால் வேர்த்து நின்றது கண்ணில் வந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அன்று அவன் வீட்டுக்குப் போகவில்லை. கல்லா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் "ஏனுங்க, எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டு, தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டான். பத்தேமுக்காலுக்குக் கம்பெனிகளில் டீ டைம். தூக்குப்போசியோடு பையன்கள் ஓடிவந்தார்கள். ஒரு போசிக்குப் பத்து டீ, பதினைந்து டீ. செக்கிங் டேபிளில் வேலை செய்யும் அக்கா ஒருவர், "எதிர்ச் சந்துல இருந்துதான் தம்பி. அதுக்கும் அந்தப் பக்கம் போனா அங்கயே ஒரு கடை இருக்குதே" என்றார். அரை மணி நேரத்தில் எழுபத்துச் சொச்சம் டீ. ஒரு லாரி டிரைவரைத் தவிர, இரண்டு தெரு தாண்டி வந்தவர் ஒருவரும் இல்லை.

மத்தியானம் போனை எடுத்து விளம்பரத்தைத் திறந்து பார்த்தான். ஊர்ப் பெயரைத் தட்டியபோது சுற்றி 40 கிலோமீட்டரும் சேர்ந்து வந்திருந்தது. அவிநாசி, பல்லடம், காங்கயம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் கிடந்தன. ஒரு டீக்காக யார் அங்கிருந்து பஸ் ஏறுவார்கள்? வயது 18 முதல் 65 வரை. வீடியோவில் போன் நம்பர் இல்லை. கம்பெனிக்கு மொத்தமாக டீ தருகிறோம் என்று ஒரு வரி இல்லை. லைக் போட்டவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. டீ அழகாக இருந்தது, போட்டார்கள். அவன் கேட்டதும் அதைத்தான்.

இந்தத் தடவை மாமாவிடம் பணம் கேட்கவில்லை. சொந்தக் காசு 400 ரூபாய். கடையை நடுவில் வைத்து வட்டத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினான். வீடியோவுக்குப் பதில், அடுக்கி வைத்த தூக்குப்போசிகளின் படம். அதன் மேல் இரண்டே வரி: 'கம்பெனிக்கு மொத்தமாக டீ வேணுமா? டீ டைமுக்குக் கொண்டுவந்து தருகிறோம்.' கீழே நம்பர். பார்த்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், லைக் ஒன்பது. நான்காம் நாள் வரை சத்தமே இல்லை. அன்று சாயங்காலம் அடுத்தடுத்து இரண்டு போன். ஒருவர் விலை கேட்டு வைத்துவிட்டார்.

இன்னொருவர் பின் தெருவில் புதிதாகப் பவர் டேபிள் தையல் மெஷின் போட்டவர். காலையில் இருபது, சாயங்காலம் இருபது. போனை வைப்பதற்கு முன், கடை எப்படித் தெரியும் என்று கார்த்தி மறக்காமல் கேட்டான். "போன்ல போசி படம் வந்துச்சுங்க" என்றார்.

மாமா கணக்கு நோட்டை எடுத்து, கம்பெனி பெயரை எழுதினார். பக்கத்தில் 40 என்று போட்டார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தி, "அந்த நானூறையும் இதுல எழுது மாப்ள. எத்தனை நாள்ல வருதுன்னு பார்ப்போம்" என்று நோட்டை அவன் பக்கம் தள்ளினார்.

கார்த்தி எழுதினான். நாளுக்கு 160 வீதம், மூன்றாம் நாள் காலையிலேயே வந்துவிடும். அதற்கு மேலே, கொஞ்சம் இடம் விட்டு, 3,000 என்றும் எழுதினான்.

"போசி பத்தாது" என்றார் மாமா. "பரண்ல பெரிசு ஒண்ணு கிடக்கும். எறக்கிக் கழுவி வை."