சம்பள நிலுவை காரணமாக மனிதவள ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் 30 நாள் அறிவிப்பு

இடம்: இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பூங்கா, காஞ்சிபுரம் மாவட்டம்
நாள்: 09.10.2024

அனுப்புநர்: தொழிற்சாலை மேலாளர், வாகன உதிரிபாக ஆலை

பெறுநர்: உரிமையாளர், ஆலையின் பேக்கிங், லோடிங், துப்புரவுப் பணிகளுக்கான ஒப்பந்த நிறுவனம்

பொருள்: தொழிலாளர் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ நிலுவை – 08.11.2024 முதல் ஒப்பந்த முடிவு – தொழிலாளர் பாதுகாப்பு ஏற்பாடுகள்

பார்வை: 1. 01.04.2023 தேதியிட்ட நமது ஒப்பந்தம், பிரிவு 17. 2. எங்கள் 16.09.2024 விளக்கம் கேட்புக் கடிதம். 3. தங்கள் 25.09.2024 பதில்.

ஐயா,

ஜூலை மாத ஓவர்டைம், ஆகஸ்ட், செப்டம்பர் மாதச் சம்பளம் ஆகியவற்றைத் தங்கள் தொழிலாளர்களுக்குத் தாங்கள் கொடுக்கவில்லை. ஆகவே ஒப்பந்தத்தின் பிரிவு 17-இன்படி இந்தக் கடிதமே 30 நாள் அறிவிப்பு. 08.11.2024 இரண்டாம் ஷிஃப்ட் முடிவோடு ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் மாத பில் தொகை முழுவதையும் செப்டம்பர் 5-ஆம் தேதி தங்கள் கணக்கில் செலுத்திவிட்டோம். அதில் தொழிலாளர் சம்பளமும் இருந்தது, பிஎஃப், இஎஸ்ஐ பங்கும் இருந்தது. 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டிய சம்பளம் போகவில்லை. 13-ஆம் தேதி காலை பேக்கிங் பிரிவினர் எழுந்து வந்து என் அறை வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கூச்சல் எதுவும் இல்லை. "சம்பளம் போடல சார், வீட்டு வாடகைக்குப் பத்து வட்டிக்கு வாங்கியிருக்கேன்" என்றார் ஒருவர். அடுத்து நின்றவரும் அதையேதான் சொன்னார்.

தங்கள் 25.09.2024 பதிலில், வேறொரு ஆலையில் பில் நின்றுபோனதால் இங்கு வந்த பணத்தை அங்கே திருப்ப வேண்டியதாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் உழைப்புக்கு நாங்கள் கொடுத்த பணத்தை இன்னொரு இடத்தின் பள்ளத்தை நிரப்பப் பயன்படுத்தியதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதை விளக்கமாக ஏற்க முடியாது. செப்டம்பர் 30-க்குள் தீர்த்துவிடுகிறோம் என்ற உறுதியும் நிறைவேறவில்லை. அக்டோபர் 7 தாண்டியும் செப்டம்பர் சம்பளம் வரவில்லை.

இதில் எங்கள் பிழையும் உண்டு. சம்பளம் பட்டுவாடா ஆகும்போது எங்கள் பிரதிநிதி உடனிருந்து சான்றளிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970, பிரிவு 21. சம்பளம் வங்கி வழியாகப் போகிறது என்பதால் தாங்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்தே கையெழுத்திட்டோம். வங்கி ரசீதோடு ஒத்துப் பார்க்கவில்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஒப்பந்ததாரர் கொடுக்காத சம்பளத்தை முதன்மை வேலையளிப்பவர் கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையின் மேலாளராகப் பெயர் குறிக்கப்பட்டவன் என்ற முறையில் அந்தக் கடமை என் மேல் இருக்கிறது. நாளையே அதைச் செய்கிறேன்.

பயோமெட்ரிக் வருகைப் பதிவை ஆள்வாரியாகச் சரிபார்த்ததில் பிடித்தம் போக நிலுவை இப்படி வருகிறது. ஜூலை ஓவர்டைம் 41 பேருக்கு ரூ.1,12,340. ஆகஸ்ட் சம்பளம் 64 பேருக்கு ரூ.7,84,600. செப்டம்பர் சம்பளம் 61 பேருக்கு ரூ.7,46,250. மொத்தம் ரூ.16,43,190. ஓவர்டைம் இரட்டிப்பு விகிதத்தில் கணக்கிடப்பட்டது. தங்கள் பட்டியலில் ஒற்றை விகிதமே இருந்தது.

இந்தத் தொகை முழுவதும் 10.10.2024 வியாழக்கிழமை, அதாவது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், எங்கள் கணக்கிலிருந்து நேரடியாகத் தொழிலாளர் கணக்குகளுக்குப் போகும். ஆகஸ்ட் இறுதியில் வேலையை விட்டுப் போன மூவருக்கும் சேர்த்துத்தான். விழுப்புரத்துக்குப் போன ஒருவரையும் ஒடிசா திரும்பிய இருவரையும் தொலைபேசியில் பிடித்துக் கணக்கு எண்ணை உறுதிசெய்துகொண்டோம்.

ஏடிஎம் கார்டு விஷயம் என்னை மிகவும் வருத்தியது. 19 பேருடைய கார்டும் ரகசிய எண்ணும் தங்கள் சூப்பர்வைசர்களிடம் இருக்கின்றன. அந்தக் கணக்குகளில் இந்த நிலையில் பணம் போட்டால் அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நாளை காலை வங்கிக் கிளை ஊழியர்கள் ஆலைக்கு வருகிறார்கள். முதலில் பழைய கார்டு முடக்கப்படும், பிறகே பணம் ஏறும். கார்டுகள், ஆதார் அட்டைகள், பாஸ்புக்குகள் என்று தொழிலாளர்களிடமிருந்து வாங்கி வைத்துள்ள எல்லாவற்றையும் அக்டோபர் 11 மதியத்துக்குள் எங்கள் மனிதவளப் பிரிவில் ஒப்படையுங்கள். ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுத் திரும்பப் பெறுவார்கள்.

மூன்று மாத பிஎஃப், இஎஸ்ஐ தொகை இரு பங்கும் சேர்த்து ரூ.7,71,300. சம்பளத்திலிருந்து தொழிலாளர் பங்கைப் பிடித்துவிட்டு ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் தாங்கள் கட்டவேயில்லை. இஎஸ்ஐ பங்குப் பணம் போகாத குடும்பம் மருத்துவமனை வாசலில் நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும். செப்டம்பருக்கு அக்டோபர் 15 கடைசி நாள். மூன்று மாதத் தொகையையும் அந்தத் தேதிக்குள் அந்தந்தத் தொழிலாளரின் யுஏஎன் எண்ணிலும் இஎஸ்ஐ எண்ணிலும் சேரும்படி நாங்களே கட்டுவோம். தாமதத்துக்கான 12 சதவீத வட்டியும் அபராதமும் தங்கள் பொறுப்பு.

செப்டம்பர் பில் ரூ.10,38,400 (ஜிஎஸ்டி நீங்கலாக) நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தங்கள் வைப்புத்தொகை ரூ.8,00,000 எங்களிடம் உள்ளது. இரண்டும் சேர்ந்து ரூ.18,38,400. சம்பளம் போக மீதி ரூ.1,95,210, அதை பிஎஃப், இஎஸ்ஐ தொகையில் கழித்தால் தாங்கள் எங்களுக்குத் தரவேண்டியது ரூ.5,76,090, வட்டியும் அபராதமும் தனி. இந்தக் கணக்கில் ஏதேனும் தவறு என்று கருதினால் 16.10.2024-க்குள் ஆவணங்களோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ஆனால் அந்தப் பேச்சுக்காகத் தொழிலாளர் பணம் ஒரு நாளும் காத்திருக்காது.

சம்பளப் பாக்கிக்காக ஒப்பந்தத்தை உடனடியாகவே முறிக்கவும் பிரிவு 17 இடம் தருகிறது. அதைச் செய்யாததற்கு ஒரே காரணம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 61 பேரை நடுத்தெருவில் விடக் கூடாது என்பதுதான். இந்த 30 நாளும் பணி வழக்கம்போல நடக்கும். அக்டோபர் சம்பளம் நவம்பர் 7-க்குள்ளும், நவம்பரின் முதல் எட்டு நாள் சம்பளம், மீதமுள்ள ஈட்டிய விடுப்புக்கான பணம் ஆகியவை நவம்பர் 11-க்குள்ளும் எங்களிடமிருந்தே நேரடியாகப் போகும். அறிவிப்புக் காலத்துக்கான தங்கள் சேவைக் கட்டணத்தை மறுக்கவில்லை; மேற்கண்ட பாக்கியில் கழிப்போம்.

2023-24-க்கான போனஸ் இன்னும் கொடுக்கப்படவில்லை. குறைந்தபட்சமான 8.33 சதவீதத்தை அக்டோபர் 25-க்குள் கொடுத்துவிட்டு ரசீதைக் காட்டுங்கள். இல்லையென்றால் மறுநாளே நாங்கள் கொடுத்துத் தங்கள் கணக்கில் எழுதுவோம். சட்டம் இதில் எங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அவர்கள் வேலை செய்தது இந்த ஆலையில்.

நவம்பர் 9 முதல் வேறொரு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்பார். 61 பேரில் விருப்பமுள்ள அனைவரையும் அதே வேலையில், குறையாத சம்பளத்தில், தகுதிகாண் காலம் எதுவும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பது அவருடனான ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனை. ஆள் சேர்க்க கமிஷனோ டெபாசிட்டோ யாரிடமும் வாங்கக் கூடாது. ஆறு வருடம், எட்டு வருடம் இங்கேயே இருப்பவர்களின் பழைய சேவைக் காலமும் கிராஜுவிட்டிக்குத் தொடர்ந்து கணக்காகும். அவருடைய பில்லும் இனி சம்பளப் பட்டியலை வங்கி ரசீதோடு ஒத்துப் பார்த்த பிறகே பாஸ் ஆகும்.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்துள்ள 22 பேர் தங்கியிருக்கும் கட்டடத்துக்கு இரண்டு மாத வாடகை நிற்கிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதாகக் கேள்விப்பட்டு நேற்று நானே போய்ப் பேசினேன். நவம்பர் 30 வரை வாடகையை அவருக்கு நேரடியாகக் கட்டுகிறோம். அதுவரை மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சட் பூஜைக்கு ஊர் போகும் பீகார் தொழிலாளர்கள் திரும்பி வரும்வரை அவர்கள் இடம் அவர்களுக்கே. அந்த விடுப்பைக் காரணம் காட்டி யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

13-ஆம் தேதி என் அறைக்கு வந்தவர்களின் பெயரைத் தங்கள் சூப்பர்வைசர் ஒருவர் குறித்து வைத்ததாக அறிகிறேன். அவர்களில் ஒருவரையாவது மிரட்டினாலோ, ஷிஃப்ட் மாற்றினாலோ, வேலைக்கு வரவேண்டாம் என்றாலோ, அந்தச் சூப்பர்வைசருக்கு அன்றோடு கேட் பாஸ் ரத்து. வெற்றுத்தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ, "பாக்கி ஏதும் இல்லை" என்ற வாசகத்திலோ யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் அது இந்த ஆலையில் செல்லாது.

வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, பிடித்தங்களின் பதிவேடு ஆகியவற்றின் அசலை அக்டோபர் 16-க்குள் சரிபார்ப்புக்குக் கொண்டுவாருங்கள். நவம்பர் 8-க்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பணிச் சான்று கொடுப்பதும், பிஎஃப் கணக்கில் விலகல் தேதியைப் பதிவதும் தங்கள் வேலை. தேதி பதியாமல் விட்டுவிட்டால் அவர்கள் தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைவார்கள்.

தொழிலாளர்கள் கவனத்துக்கு: இக்கடிதம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கேட்டிலும் கேன்டீனிலும் ஒட்டப்படும். உங்கள் ஆள்வாரிக் கணக்குச் சீட்டு நாளை கையில் தரப்படும். தொகை குறைவாகத் தெரிந்தால் அக்டோபர் 31 வரை மனிதவளப் பிரிவில் வாயால் சொன்னாலே போதும், எழுதித் தர வேண்டியதில்லை. மூன்று நாளில் பார்த்து, குறைந்திருந்தால் போடுவோம். பணத்தைப் பெற்றுக்கொண்டதால் தொழிலாளர் துறையிடமோ நீதிமன்றத்திடமோ முறையிடும் உங்கள் உரிமை போகாது. இரண்டு மாதம் உங்களைக் காக்க வைத்ததற்கு ஆலையின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
தொழிற்சாலை மேலாளர்

நகல்: ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் வழங்கும் அலுவலர் (ஒப்பந்ததாரரின் உரிமத்துக்கான பிணைத்தொகையை, பாக்கி தீரும்வரை திருப்பித் தர வேண்டாம் என்ற வேண்டுகோளுடன்); தொழிலாளர் துறை; பிஎஃப், இஎஸ்ஐ அலுவலகங்கள்; ஆலைத் தொழிற்சங்கம்; அறிவிப்புப் பலகை.