ஒட்டுசுட்டான் – நெடுங்கேணிப் பக்க டவர்: சோலார், பற்றரி வடிவமைப்புக் குறிப்பு

இந்த இடத்துக்கு மின்சார சபை லைன் இல்லை. 12 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்றுதான் இரவு பகலாக ஓடுகிறது. அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் வெயிலில் ஓட வேண்டும்.

ரெக்டிஃபயர் வெளியீட்டில் ஒரு கிழமை அளந்தோம். காலை 6 முதல் மாலை 6 வரை சராசரி 950 வாட். மாலை 6 முதல் இரவு 11 வரை, சனம் வீட்டிலிருந்து ஃபோன் பார்க்கும் நேரம், 1200 வாட். அதன் பிறகு விடியும் வரை 800. பகலுக்கு 11.4, இரவுக்கு 11.6, மொத்தம் நாளுக்கு 23 கிலோவாட் மணி. ஏசி கிடையாது, காபினெற்றுக்குக் காற்றாடிதான், அதுவும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

பனல் கணக்கை வருடச் சராசரி வெயிலில் போடக்கூடாது. முந்தின ஒரு சைற்றில் நான்தான் அப்படிப் போட்டேன். ஆவணி வரை ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் மழை பிடித்ததும் பற்றரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இரண்டாம் கிழமை டவர் படுத்துவிட்டது. அதனால் இங்கே அடிப்படை மாரி காலம்: சாதாரண நாளுக்கு 4 மணி நேர முழு வெயில், மூடிக்கொண்டு கிடக்கும் நாளுக்கு 1.5 மணி. சூடு, தூசி, வயர், சார்ஜர் இழப்புகளுக்குப் பிறகு கைக்கு வருவது 75 சதவீதம் என்று எடுத்திருக்கிறேன்.

550 வாட் பனல் 14 போட்டால் 7.7 கிலோவாட். நாளுக்கு 23.1 கிடைக்கும், தேவை 23. தாளில் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை இறங்கிய பற்றரி மறுபடி நிரம்ப அதில் வழியில்லை. ஆகவே 18 பனல், 9.9 கிலோவாட். மாரியின் சாதாரண நாளில் 29.7 வரும், சுமை போக 6.7 பற்றரிக்கு மிச்சம். மூடின நாளிலும் 11.1 கிடைக்கும், பகல் சுமையை ஏறத்தாழ அதுவே தாங்கிவிடும். பற்றரி பார்க்க வேண்டியது இரவை மட்டும்தான்.

இரண்டு மூடின நாள் என்றால் முன்னும் பின்னும் சேர்த்து மூன்று இரவு. மூன்று இரவுக்கு 34.8, இரண்டு பகல் குறைக்கு 0.6, ஆக 35.4. எடுக்கும்போது 5 சதவீதம் போகும், 80 சதவீதத்துக்கு மேல் இறக்கக் கூடாது, பழசாகும்போது கொள்ளளவில் 80 சதவீதமே இருக்கும். எல்லாம் வைத்துப் பார்த்தால் 58 கிலோவாட் மணி வேண்டும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பெட்டி 12 எடுத்தால் 61.4. பெட்டிகள் நிழலில், இரட்டைக் கூரையின் கீழ் இருக்கட்டும். வன்னி வெயிலில் தகரத்துக்குள் வைத்தால் ஆயுள் போய்விடும்.

பனல் நிற்கும் இடத்தில் கவனம் தேவை. 40 மீற்றர் டவரின் மதிய நிழல் மார்கழியில் வடக்கே சுமார் 25 மீற்றர் விழும். அதனால் பனல் டவருக்குத் தெற்கே. ஆனியில் சூரியன் வடக்கே போய், நிழல் தெற்கே 10 மீற்றர் வரும். அப்போது வெயில் மிச்சம், பரவாயில்லை. தெற்கு நோக்கி 15 பாகை சரிவு வைக்கவும், மாரியில் சூரியன் தாழ்ந்துதான் போகும். தெற்கு எல்லையில் நிற்கும் பாலை மரத்தின் கொப்பு இரண்டை வெட்ட அனுமதி கேட்டாயிற்று. குரங்கு ஏறி வயர் இழுக்கும், எனவே எல்லா வயரும் குழாய்க்குள். யானை வேலி பழைய இடத்திலேயே இருக்கும்.

சார்ஜர் மூன்று, ஒவ்வொன்றும் 60 ஆம்பியர், ஒவ்வொன்றுக்கும் 6 பனல். இரண்டிரண்டாகத் தொடரில், மூன்று வரிசை. மூன்றைத் தொடரில் கட்ட வேண்டாம்: வெறும் பனல் ஒன்றின் வோல்ட் 50, சார்ஜரின் எல்லை 150, குளிர்ந்த விடிகாலையில் அதைத் தாண்டிவிடும். டெலிகொம் 48 வோல்ட்டில் நேர்முனைதான் நிலத்தோடு சேர்ந்திருக்கும். அதற்கு ஒத்துவராத சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினால் முதல் நாளே புகைதான்.

பற்றரி 20 சதவீதத்துக்கு வந்ததும் ஜெனரேற்றர் தானாக எழும்பும். 4 மணி நேரம், 5 கிலோவாட்டில் சார்ஜ். அதற்குச் சுமார் 10 லீற்றர் டீசல். குளங்கள் வான் பாயத் தொடங்கினால் பவுசர் இந்தப் பாதையில் வராது. ஆகவே ஐப்பசி முடிவதற்குள் டாங்கியை முட்ட நிரப்பி, மட்டத்தைக் கோலால் அளந்து கதவின் உட்புறம் எழுதி வையுங்கள்.