பொருள்: மெர்ச்சண்டைசிங் பிரிவின் சீனியர் மெர்ச்சண்டைசர் (பணியாளர் எண் 2217) என்னிடம் முறைகேடாக நடந்துகொண்டது குறித்த எழுத்துப்பூர்வப் புகார் – 12.06.2025 முதல் 06.08.2025 வரை

பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை
நகல்: தலைவர், உள்ளகப் புகார்க் குழு
நாள்: 11.08.2025, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் நமது திருப்பூர் அலுவலகத்தின் மெர்ச்சண்டைசிங் பிரிவில் 2023 மார்ச் முதல் அசிஸ்டெண்ட் மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். என் பணியாளர் எண் 3046. இந்த ஆண்டு ஜனவரி முதல் பெண்கள் இரவு உடை ஆர்டர்களில், பணியாளர் எண் 2217 உடைய சீனியர் மெர்ச்சண்டைசரின் கீழ் வேலை செய்து வருகிறேன். அவர் என்னிடம் நடந்துகொண்ட நான்கு சம்பவங்களைத் தேதி வரிசையில் தெரிவித்து, இதனை முறையான புகாராக ஏற்று விசாரிக்குமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். இந்த அஞ்சல் பலர் கைக்குப் போகக்கூடும் என்பதால் யாருடைய பெயரையும் எழுதாமல் பணியாளர் எண்களை மட்டுமே குறிப்பிட்டிருக்கிறேன்.

நான் நேரில் கண்டதையும் கேட்டதையும், என் கைபேசியில் பதிவாகியிருப்பதையும் மட்டுமே கீழே எழுதியுள்ளேன். அவர் பேசியதை, நினைவில் உள்ளவரை, அவர் பேசிய சொற்களிலேயே தந்திருக்கிறேன்.

முதல் சம்பவம் 12.06.2025, வியாழக்கிழமை, காலை சுமார் 11.20 மணிக்கு சாம்பிள் ரூமில் நடந்தது. பயருக்கு அனுப்ப வேண்டிய ஃபிட் சாம்பிள்களை சைஸ் ஸ்பெக்குடன் ஒப்பிட்டு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அங்கே வந்த அவர், மேசையில் இருந்த நைட் டிரஸ் சாம்பிள் ஒன்றை எடுத்து, என் தோளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இது உனக்கே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது, போட்டுட்டு வா பாக்கலாம்" என்றார். "இப்படியெல்லாம் பேசாதீங்க சார்" என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சாம்பிளை மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே சென்றார். அப்போது சாம்பிள் இன்சார்ஜ் (பணியாளர் எண் 1874) அதே மேசையின் மறுமுனையில் இருந்தார். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் இதை என் டைரியில் எழுதி வைத்தேன்.

இரண்டாவது, 08.07.2025, செவ்வாய்க்கிழமை இரவு வந்த வாட்ஸ்அப் செய்திகள். அன்று இரவு 10.52 மணிக்கு, அவருடைய அலுவலக எண்ணிலிருந்து என் சொந்த எண்ணுக்கு "தூங்கிட்டியா?" என்ற செய்தி வந்தது. நான் பதில் அனுப்பவில்லை. 10.58 மணிக்கு "போட்டோ ஒண்ணு அனுப்பு, ஷிப்மென்ட் டென்ஷனாவது குறையட்டும்" என்று அடுத்த செய்தி வந்தது. 11.03 மணிக்கு மூன்றாவதாக ஒரு செய்தி வந்தது; நான் திறந்து பார்க்கும்போது அது அழிக்கப்பட்டிருந்தது. அதில் என்ன இருந்தது என்பதை நான் படிக்கவில்லை, ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. செய்தி அழிக்கப்பட்டதாகக் காட்டும் வரி மட்டும் நேரத்துடன் ஸ்கிரீன்ஷாட்டில் உள்ளது. மறுநாள் காலை 8.10 மணிக்கு, "சார், ஆபீஸ் விஷயம் மட்டும் மெசேஜ் பண்ணுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்று பதில் எழுதினேன். அவர் அதைப் படித்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. இந்த உரையாடலை நான் அழிக்கவில்லை. விசாரணையின்போது என் கைபேசியையே காட்டத் தயாராக இருக்கிறேன்.

மூன்றாவது சம்பவம் 24.07.2025, வியாழக்கிழமை, மாலை 4.30 மணிக்கு மேல், முதல் மாடி மீட்டிங் ரூமில் நடந்தது. இதில் ஒரு திருத்தம் உண்டு: எங்கள் பிரிவு மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது இதை 23-ஆம் தேதி என்று சொல்லிவிட்டேன், பிறகு என் காலண்டரில் உள்ள மீட்டிங் அழைப்பைப் பார்த்ததில் 24-ஆம் தேதி என்பது தெளிவானது. சரியான நிமிடம் என்னிடம் இல்லை, ஏனெனில் இதை மறுநாள்தான் எழுதி வைத்தேன். பயரின் கமெண்ட் ஷீட்டை லேப்டாப்பில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் தம் கையை என் தோளில் வைத்தார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் அதே தோளில் கை வைத்தார். நான் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு என் இருக்கைக்குத் திரும்பிவிட்டேன். இருவருமே எதுவும் பேசவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. கதவு கண்ணாடிக் கதவு. வெளியிலிருந்து யாரேனும் பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. அந்த நடைபாதையில் சிசிடிவி கேமரா இருக்கிறது.

நான்காவது சம்பவம் 06.08.2025, புதன்கிழமை, பகல் 12 மணியளவில் லைட் பாக்ஸ் அறையில் நடந்தது. குழுவின் வெளி உறுப்பினருக்கு அந்த அறையைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறேன். துணியின் சாயம் பயர் கொடுத்த கலர் ஸ்டாண்டர்டுடன் ஒத்துப்போகிறதா என்பதை ஒரு பெட்டிக்குள் எரியும் குறிப்பிட்ட வெளிச்சங்களில் வைத்துப் பார்க்கும் இடம் அது. வெளி வெளிச்சம் விழக்கூடாது என்பதால் பார்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது எங்கள் வழக்கம். ஆகவே கதவு சாத்தியிருந்ததையும் விளக்கு அணைந்திருந்ததையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. டையிங்கிலிருந்து வந்த நேவி நிறச் சாய மாதிரித் துணிகளான லேப் டிப் மூன்றையும் பெட்டிக்குள் வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். முதலில் இரண்டாவது லேப் டிப்பைக் காட்டி, "இது கொஞ்சம் சிவப்பு அடிக்குது" என்று வேலையைப் பற்றித்தான் பேசினார். பிறகு எனக்குப் பின்னால் நின்று, பெட்டிக்குள் நீட்டியிருந்த என் வலது மணிக்கட்டைப் பிடித்து, "எதுக்கு இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போற?" என்று கேட்டார். "கையை விடுங்க சார்" என்றேன். விடவில்லை. கையை இழுத்து விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தேன். அந்த இழுப்பில் கலர் ஸ்டாண்டர்டு அட்டை கீழே விழுந்தது, அதை நான் எடுக்கவில்லை. அவர் என் பின்னால் வரவில்லை.

என் இருக்கைக்கு வந்ததும், 12.10 மணியளவில், பக்கத்து இருக்கை சக பணியாளரிடம் (பணியாளர் எண் 3112) நடந்ததைச் சொன்னேன். சம்பவத்தை அவர் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டவர் என்ற அளவில் மட்டுமே அவரைக் குறிப்பிடுகிறேன். அன்று பிற்பகல் அரை நாள் விடுப்பு எடுத்தேன், அது வருகைப் பதிவில் உள்ளது.

07.08.2025, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் பிரிவு மேனேஜரைச் சந்தித்து நான்கு சம்பவங்களையும் சொன்னேன். "நான் அவர்கிட்ட பேசிப் பாக்கிறேன், நீங்க இதைப் பெருசாக்க வேண்டாம்" என்றார். எழுத்தில் எதுவும் கொடுக்கச் சொல்லவில்லை; மனிதவளத் துறைக்குத் தெரிவிப்பதாகவும் சொல்லவில்லை.

மறுநாள் 08.08.2025, வெள்ளிக்கிழமை காலை 9.40 மணிக்கு, எங்கள் ஆர்டரின் வாராந்தர ரிவ்யூ அஞ்சல் பணியாளர் எண் 2217-இடமிருந்து குழுவுக்குச் சென்றிருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் வரை அந்த அஞ்சலில் இருந்த என் பெயர் இந்த முறை இல்லை. சக பணியாளர் வேறொரு விவரத்துக்காக அதை எனக்கு அனுப்பி வைத்தபோதுதான் தெரிந்தது. இதற்கும் நான் முந்தைய நாள் சொன்னதற்கும் தொடர்பு உண்டா, அல்லது வெறும் கவனக்குறைவா என்பது எனக்குத் தெரியாது. தேதி வரிசையில் வரும் ஒரு நிகழ்வு என்பதால் மட்டுமே இங்கே சேர்த்துள்ளேன்.

கடந்த சில நாள்களில் அவரைப் பற்றி வேறு சிலர் என்னிடம் சொன்ன செய்திகள் உண்டு. அவற்றை நான் பார்த்ததில்லை, சொன்னவர்களிடம் எழுத அனுமதியும் வாங்கவில்லை. ஆகவே அவற்றை இந்தப் புகாரில் சேர்க்கவில்லை. அவர் ஏன் இவ்வாறு நடந்துகொண்டார் என்பதைப் பற்றியும் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. வேலை விஷயத்தில், மேற்சொன்ன சம்பவங்களுக்கு வெளியே, எனக்கும் அவருக்கும் சண்டையோ நிலுவையில் உள்ள புகாரோ எதுவும் கிடையாது. மே மாத அப்ரைசலில் அவர் எனக்கு நல்ல மதிப்பெண்ணே தந்திருக்கிறார்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர் சம்பவங்களாயின் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும் என்பதை அறிவேன். முதல் சம்பவத்திலிருந்து எண்ணினாலும் இந்தப் புகார் அந்தக் காலவரம்புக்குள் இருக்கிறது. எனவே இதனை உள்ளகப் புகார்க் குழுவின் முன் வைக்க வேண்டுகிறேன். கையெழுத்திட்ட ஆறு பிரதிகளையும் சாட்சிகளின் பெயர், முகவரிகளையும் மூடிய உறையில் நாளை காலை உங்களிடம் நேரில் ஒப்படைக்கிறேன். சட்டத்தில் சமரசத்துக்கு வழி உண்டு என்பது தெரியும். நான் அதைக் கோரவில்லை, விசாரணையையே கோருகிறேன்.

நடைபாதைக் கேமராவின் 24.07.2025 பிற்பகல் பதிவும், லைட் பாக்ஸ் அறைக்கு வெளியே உள்ள கேமராவின் 06.08.2025 பதிவும் அழிந்துவிடாமல் இன்றே எடுத்து வைக்கப்பட வேண்டும். பழைய பதிவுகளின் மேல் புதியவை பதிவாகிவிடும் என்பதால் மற்ற எல்லாவற்றையும்விட இதையே அவசரமாகக் கேட்கிறேன்.

விசாரணை முடியும்வரை நான் வேறொருவரிடம் ரிப்போர்ட் செய்யும்படி ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஆர்டரை விட்டு என்னை மாற்ற வேண்டாம். 29.08.2025 அன்று ஷிப்மென்ட் ஆக வேண்டிய அந்த ஆர்டரை முதல் சாம்பிளிலிருந்து நான்தான் பார்த்து வருகிறேன். புகார் கொடுத்ததற்காக அந்த வேலை என் கையை விட்டுப் போவதை நான் விரும்பவில்லை. ரிவ்யூ அஞ்சலில் என் பெயரை மீண்டும் சேர்க்கவும் ஆவன செய்யுங்கள். அவருடன் தனி அறையில் மீட்டிங் வைக்க நேர்ந்தால் மூன்றாவது நபர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

புகாரின் விவரங்கள் விசாரணையுடன் தொடர்பில்லாத எவருக்கும் செல்லாமல் பார்த்துக்கொள்ளவும். இது குறித்து என்னைத் தொடர்புகொள்ள இந்த அஞ்சல் முகவரியையே பயன்படுத்துங்கள். பிரிவின் பொதுத் தொலைபேசிக்கு அழைக்க வேண்டாம். அஞ்சல் கிடைத்ததற்கான ஒப்புதலை எழுத்தில் அனுப்பி வைத்தால் நன்றியுடையவளாவேன்.

இத்துடன் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகள் மூன்று, 24.07.2025 மீட்டிங் அழைப்பு, 12.06.2025 மற்றும் 25.07.2025 தேதியிட்ட டைரிப் பக்கங்களின் படங்கள், 01.08.2025 மற்றும் 08.08.2025 ரிவ்யூ அஞ்சல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
அசிஸ்டெண்ட் மெர்ச்சண்டைசர்
பணியாளர் எண் 3046
மெர்ச்சண்டைசிங் பிரிவு, திருப்பூர்