பிறந்தநாள் குற்றப்பத்திரிகை

அன்பு நண்பா,

சுங்கை சிப்புட்டில் உன்னைவிட நல்ல மனிதன் இல்லை. உன்னைவிட மோசமான ரசிகனும் இல்லை. ஈப்போவுக்கு பஸ் ஏறிப்போய், கார்கள் மட்டுமே பறந்த படத்தைப் பார்த்துவிட்டு, "கதை உருக்கம்" என்று கண்ணைத் துடைத்தவன் நீ. டிக்கெட் காசு என்னுடையது என்பதையும் பதிவு செய்கிறேன்.

பாட்டு அதைவிடக் கொடுமை. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் நீ ஒலிபெருக்கியைப் பிடித்ததும் உறுமி மேளக்காரர்கள் தாளத்தைத் தேடினார்கள். செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து நாய்கள் பதில் பாடின. சரணத்தில் நீ தொலைத்த சுருதி இன்றுவரை லயத்து வீடுகளுக்குத் திரும்பவில்லை.

இன்று ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என் செலவு. வாழ்த்துப் பாடலை நாங்கள் பாடுகிறோம். நீ வாயைத் திறப்பது கேக்கிற்காக மட்டும் இருக்கட்டும்.

நூறாண்டு வாழ்க, என் உயிரே!

உன் தோழன்