திருமுழுக்குத் தேதி வேண்டி விண்ணப்பம்

திருப்பூர்,
16.12.2025

அனுப்புநர்:
ஜோ. அமலன், ஆரோக்கிய ஜென்சி,
திருப்பூர்.

பெறுநர்:
பங்குத்தந்தை அவர்கள்,
அதிதூதர் மிக்கேல் ஆலயம்,
மிக்கேல்புரம், தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: எங்கள் பெண் குழந்தைக்குத் திருமுழுக்கு வழங்கத் தேதி வேண்டுதல்.

கிறிஸ்துவில் பேரன்புக்குரிய தந்தை அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நம் பங்கைச் சேர்ந்த, கீழத்தெரு புனித தோமையார் அன்பியத்து ஜோசப் என்பவரின் மூத்த மகன். 1994ஆம் ஆண்டு நம் ஆலயத்தில்தான் திருமுழுக்குப் பெற்றேன். பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பதால் குடும்பத்துடன் திருப்பூரில் வசிக்கிறேன். கடந்த அக்டோபர் 18ஆம் நாள் எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. அவளை நம் ஆலயத்திலேயே திருமுழுக்குப் பெறச் செய்ய வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் என் பாட்டிக்கும் அதுவே ஆசை.

பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் முயல வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்வதை அறிவோம். அறுவைச் சிகிச்சை மூலம் பிரசவம் ஆனதால், இவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம் என்பதால், 2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்தபின் திருமுழுக்கு வழங்க இயலுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறோம். அன்று தங்களுக்கு வசதிப்படாவிட்டால் பிப்ரவரி 1 அல்லது 8ஆம் தேதி வருகிறோம். பிப்ரவரி 18 சாம்பல் புதன் என்பதால், அதற்கு மேல் தள்ளினால் பாஸ்காவுக்குப் பிறகு, ஏப்ரல் 12ஆம் தேதிதான் எங்களால் வர முடியும்.

ஆவணங்களின் நகல்களை இத்துடன் வைத்துள்ளோம். மூலங்களை வரும்போது கையில் கொண்டு வருவோம். மாநகராட்சி வழங்கிய குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், 2023 மே மாதம் என் மனைவியின் பங்கில் நடந்த எங்கள் திருமணத்தின் ஆலயச் சான்றிதழ், என் தந்தையின் பெயரில் உள்ள பங்குக் குடும்ப அட்டை ஆகியவை அவற்றுள் அடங்கும். நாங்கள் தற்போது வழிபடும் திருப்பூர் பங்கின் தந்தை, நம் ஆலயத்தில் குழந்தை திருமுழுக்குப் பெறத் தமக்கு மறுப்பு இல்லை என்று எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தந்த கடிதத்தை மட்டும் நகலாக அல்லாமல் மூலமாகவே இணைத்திருக்கிறோம்.

பெயர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'ஜென்சி' என்று மட்டும் இருக்கிறது. திருமணச் சான்றிதழில் 'ஆரோக்கிய ஜென்சி' என்று முழுமையாக உள்ளது. இரண்டும் ஒருவரே என்பதற்கு அவருடைய ஆதார் அட்டை நகலையும் சேர்த்துள்ளோம். திருமுழுக்குப் பதிவேட்டில் முழுப்பெயரையே எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். பின்னாளில் புதுநன்மைக்கும் திருமணத்துக்கும் இந்தப் பதிவைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தையின் அழைக்கும் பெயர் இனியா, திருமுழுக்குப் பெயர் தெரேசா. 'இனியா தெரேசா' என இரண்டையும் சேர்த்தே பதிந்தால் பள்ளிச் சான்றிதழோடு பொருத்திப் பார்க்க எளிதாக இருக்கும்.

ஞானத்தாயாக இருக்க என் தங்கை அமலா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வயது 24. நம் ஆலயத்தில்தான் புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெற்றாள். அவளுடைய சான்றிதழின் நகலும் இணைப்பில் உள்ளது. ஞானத்தந்தை குறித்துத் தங்கள் ஆலோசனை எங்களுக்குத் தேவைப்படுகிறது. என் மனைவியின் அக்காள் கணவர் இதில் பங்கேற்க மிகவும் ஆசைப்படுகிறார். ஆனால் அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கர் அல்லாத, திருமுழுக்குப் பெற்ற ஒருவர், கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக மட்டுமே நிற்கலாம் என்று எங்கள் திருப்பூர் பங்குத்தந்தை விளக்கினார். அக்காள் கணவரிடமும் அதைச் சொல்லிவிட்டோம், அவருக்கு அதில் வருத்தம் இல்லை. அவருடைய சபைப் போதகர் தந்த ஞானஸ்நானச் சான்றிதழை வைத்திருக்கிறோம். அவரைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ள முடியுமா, அல்லது கத்தோலிக்கரான ஞானத்தந்தை ஒருவரும் அவசியம் வேண்டுமா எனத் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்வோம்.

பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்குமான தயாரிப்பு வகுப்பைத் திருப்பூரிலேயே முடித்துச் சான்று கொண்டு வரலாமா, அல்லது முந்தைய நாள் மாலை நம் பங்கிலேயே கலந்துகொள்ள வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது எங்களுக்கு எளிது; சனிக்கிழமை அனைவரும் ஊரில்தான் இருப்போம். மெழுகுதிரியும் வெள்ளை ஆடையும் நாங்களே கொண்டு வருகிறோம். இவை தவிர வேறு ஆவணமோ விண்ணப்பப் படிவமோ தேவைப்பட்டால், ஞாயிறு திருப்பலிக்கு வரும் என் தந்தையிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறோம். தேதி உறுதியானதும் அவரிடம் தெரிவித்தால் போதும், அதன் பிறகே உறவினர்களை அழைப்போம்.

தங்கள் செபங்களில் எங்கள் குழந்தையையும் நினைவுகூர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள பங்கு மக்கள்,
ஜோ. அமலன்
ஆரோக்கிய ஜென்சி