ஒரு ரூபாய் வரவு

தங்கராசு சாருக்குக் கணக்கு உதைத்தால் சாப்பாடு இறங்காது. கோவில்பட்டியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டு வரவு செலவை நீளவாக்கில் மடித்த நோட்டில் எழுதுவார். கறிவேப்பிலை கொசுறாக வந்தால்கூட, எதிரே பூஜ்ஜியம் போட்டு ஒரு வரி இருக்கும். முழங்கால் வலியால் தீபாவளிக்குப் பிறகு வங்கிப் பக்கமே போகாமல் இருந்தவர், ஜூன் மாதம் முதல் வாரத்தில் போய்ப் பாஸ்புக்கை இயந்திரத்துக்குள் நுழைத்தார். அது கரகரவென்று நான்கு பக்கம் அச்சடித்துத் துப்பியது. வீட்டுக்கு வந்து நோட்டோடு ஒத்துப் பார்த்தார். அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாய் குறைந்தது.

"இட்லி ஆறுகிறது" என்றாள் செண்பகம்.

"அறுநூற்றுத் தொண்ணூற்று நான்கு" என்றார் அவர்.

குற்றவாளியைப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நவம்பர் பத்து முதல் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி தொண்ணூற்றொன்பது ரூபாய் போயிருக்கிறது. மே வரை ஏழு தடவை. அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. மீதி ஒரு ரூபாய் நவம்பர் மூன்றாம் தேதி தனியாகப் போயிருந்தது. தொண்ணூற்றொன்பதை வங்கிக்காரன் ஏதோ கட்டணமாகப் பிடித்திருக்கலாம் என்று விட்டுவிடலாம். அந்த ஒரு ரூபாய்தான் அவரை உறுத்தியது. ஒரு ரூபாயை யார் எதற்காக எடுப்பார்கள்?

மறுபடியும் வங்கிக்கு நடந்தார். இரண்டாவது கவுன்டரில் இருந்த முருகேசன் அவருடைய பழைய மாணவன். சாரைக் கண்டதும் பாதி எழுந்து நின்றான். எழுந்து நிற்கும் பழக்கம் மட்டும் சாரிடம் படித்த யாரையும் விட்டுப் போகவில்லை.

"இது வங்கி பிடித்தது இல்லை, சார். ஏதோ ஒரு செயலிக்கு நீங்கள் சந்தா கட்டுகிறீர்கள். யுபிஐ ஆட்டோபே."

"நான் எந்தச் செயலியையும் திறந்ததே இல்லையே."

"திறக்க வேண்டிய அவசியமில்லை, சார். ஒரு தடவை பின் நம்பரைப் போட்டுச் சம்மதம் கொடுத்தால் போதும். பதினைந்தாயிரம் ரூபாய் வரை அப்புறம் அது கேட்காமலே எடுத்துக்கொள்ளும். முதலில் ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம் பார்க்கச் சொல்வார்கள். நாம் மறந்துவிடுவோம். அவர்கள் மறக்கமாட்டார்கள். எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்திருக்குமே?"

வந்திருக்கும்தான். நகைக்கடை, நிலம் விற்பவர், கடன் தருகிறவர் எல்லோரும் அனுப்பிய செய்திகளுக்கு நடுவே அதுவும் கிடந்திருக்கும். அவர் பென்ஷன் வந்த செய்தியை மட்டும்தான் படிப்பார்.

"செயலியை அழித்துவிட்டால் நின்றுவிடுமா?"

"நிற்காது, சார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பணம் அனுப்புகிற செயலிக்குள் ஆட்டோபே என்று ஓர் இடம் இருக்கும். அங்கே போய் ரத்து செய்ய வேண்டும்." முருகேசன் குரலைத் தாழ்த்தினான். "உங்கள் பின் நம்பர் யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"மூன்று, ஒன்று, நான்கு, ஒன்றுதானே, சார்?"

தங்கராசு சார் பதில் சொல்லவில்லை. π-யின் மதிப்பைத் தன் பிறந்த நாளைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு வேறு எந்த எண் வாய்க்கும்?

செண்பகத்துக்குச் சந்தேகம் பெங்களூர்ப் பேரன் மேல். அவனைக் கூப்பிட்டாள். அவன் செயலியின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அது பத்தாம் வகுப்புக் கணக்குத் தாத்தா. தமிழ் வழி. நான் ஏழாவது. எனக்கு எதற்கு?"

பத்தாம் வகுப்புக் கணக்கு. அதுவும் தன்னுடைய போனில். சொந்த வீட்டு அடுப்பில் யாரோ வந்து சோறு வடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது அவருக்கு. நோட்டை எடுத்து நவம்பர் மூன்றாம் தேதியைப் புரட்டினார். பால், கீரை, மின்கட்டணம். அதற்கு எதிர்ப்பக்கத்தில் தன் கையெழுத்திலேயே: 'வரவு ரூ.1. மேசை மேல் கிடந்தது. யாருடையது எனத் தெரியவில்லை.'

மின்கட்டணம் கட்டிய நாள். அதைப் போனில் கட்டிக் கொடுத்தது மகேஸ்வரி. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். அப்பா இல்லை. சார் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்த பிள்ளை. மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருவாள். ஒரு ரூபாயை எடுத்து, ஒரு ரூபாயைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?

"அந்தப் பெண்ணா?" என்றாள் செண்பகம். "பத்து ரூபாயைக் கீழே பார்த்தாலும் கூப்பிட்டுக் கொடுக்கிற பிள்ளையாயிற்றே."

"பணத்தை விடு" என்றார். உண்மையில் அவருக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. பணம்தான் பெரிதாக இருந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எதிரே நான் உட்கார்ந்திருக்கும்போது, என் போனிலேயே வேறு ஒரு வாத்தியாரைத் தேடியிருக்கிறாள்.

மத்தியானம் செண்பகம் தூங்கிய பிறகு அந்தச் செயலியைத் திறந்தார். 'கடைசியாகப் பார்த்தது' என்று ஒரே ஒரு பாடம் இருந்தது: முக்கோணவியல், உயரங்களும் தொலைவுகளும். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் பச்சைச் சட்டையில் வந்தான். வணக்கம்கூடச் சொல்லாமல் வெட்டவெளியில் நின்று ஒரு செல்போன் கோபுரத்தைக் காட்டினான். "இதன் மேல் ஏறாமல் உயரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். ஐந்து வினாடி இருக்கும். சாருக்கு எரிச்சலாக இருந்தது. வகுப்பில் இத்தனை நேரம் பேசாமல் நின்றால் பின்வரிசை கலைந்துவிடும்.

பையன் ஒரு பாகைமானியில் நூலையும் கல்லையும் கட்டினான். உறிஞ்சுகுழல் ஒன்றை அதன் மேல் ஒட்டி, அதன் வழியே கோபுரத்தின் உச்சியைப் பார்த்தான். நூல் சாய்ந்த அளவைப் படித்து, ஏற்றக்கோணம் அறுபது பாகை என்றான். கோபுரம் முப்பது மீட்டர் தள்ளி இருக்கிறது என்றான். டேன் என்ற சொல் அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது. முப்பது பெருக்கல் வர்க்கமூலம் மூன்று.

"ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது" என்றான் பையன்.

"ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது ஆறு" என்றார் சார் போனைப் பார்த்து. "ஒன்று புள்ளி ஏழு மூன்றோடு நிறுத்தினால் எப்படி? கூடவே, உன் கண் தரையிலா இருக்கிறது? உன் உயரத்தை யார் கூட்டுவது?"

அவன் உயரத்தைக் கூட்டுவதற்குத்தான் அடுத்த நிமிடத்தில் வந்தான். சார் வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது பாடம் தானாகவே ஓடத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை.

மகேஸ்வரி ஆறு மணிக்கு வந்தாள். தேர்வு முடிந்து, கணிதத்தில் எழுபத்தொன்று வாங்கி, பதினொன்றாம் வகுப்புக்கும் போகத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் திண்ணையை விடவில்லை. சார் பாஸ்புக்கையும் நோட்டையும் அருகருகே விரித்து, இரண்டு ஒரு ரூபாய்களின் மேலும் விரலை வைத்தார்.

அவளுக்கு முகம் வெளுத்தது. "ஒரு ரூபாய் என்றுதான் போட்டிருந்தது, சார். கையில் இருந்ததை வைத்துவிட்டுப் போனேன்."

"அதற்கப்புறம் ஏழு மாதம் எடுத்திருக்கிறான்."

அவள் மனதுக்குள் பெருக்குவது உதட்டில் தெரிந்தது. "அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று" என்றாள். விடை சரி என்பதில் அவருக்குச் சின்னத் திருப்தி. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், சார். சனி, ஞாயிறில் நானும் பெட்டி ஒட்டப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடுகிறேன்."

"அதை நான் கேட்கவில்லை. என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

அவள் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் பூக் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

"கேட்டேன், சார். டேன் என்றால் என்ன என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம் என்றீர்கள். அது எதற்கு என்று திரும்பக் கேட்டேன். முதலில் அட்டவணையை மனப்பாடம் செய், புரிவது தானாக வரும் என்றீர்கள். மூன்றாவது தடவை கேட்கப் பயமாக இருந்தது."

சார் சற்று நேரம் பாஸ்புக்கைப் பார்த்தார். சொல்லியிருப்பார். வருடா வருடம் சொன்ன வாக்கியம்தான் அது. பூந்தொடுப்பை நிறுத்தாமலே செண்பகம், "எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார்" என்றாள்.

"நீ அதை ஒரு தடவைதான் பார்த்தாயா?"

"ஆமாம், சார். அது போதுமாக இருந்தது. அப்புறம் நீங்கள் சொன்ன அட்டவணையும் எளிதாக மனதில் நின்றது." கொஞ்சம் தைரியம் வந்தவளாக, "அந்த அண்ணன் வர்க்கமூலம் மூன்றை ஒன்று புள்ளி ஏழு மூன்று என்று போட்டுவிட்டார். நான் தேர்வில் ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டு என்றுதான் போட்டேன்" என்றாள்.

சார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பாகைமானியும் செண்பகத்தின் பூ நூலில் ஒரு முழமும் இருந்தன. "உறிஞ்சுகுழல் கிடைக்குமா?"

"முக்குக் கடையில் இளநீருக்குக் கொடுப்பார்கள், சார்."

"இரண்டு வாங்கி வா. அதற்கு முன்னால் இதை நிறுத்திக் கொடு. பத்தாம் தேதி வரப்போகிறது."

அவள் போனை வாங்கி ஆட்டோபே இருக்கும் இடத்துக்குப் போனாள். ரத்து செய்தாலும், கட்டிய பணத்துக்குப் பத்தாம் தேதி வரை பார்க்கலாம் என்று செயலியில் இருந்தது. அந்தத் தகவலை அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அப்படியென்றால் இன்னும் நான்கு நாள் இருக்கிறது. புள்ளியியலை எப்படி நடத்துகிறான் என்று பார்த்துவிடலாம்."

நோட்டில் ஜூன் ஆறாம் தேதியின் கீழ் 693 என்று எழுதினார். எதற்கு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா சற்று நின்றது. 'பயிற்சி' என்று போட்டார். யாருக்கு என்று போடவில்லை.

"பின் நம்பர் போட வேண்டும், சார்" என்று போனை நீட்டினாள். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மறைத்து வைத்துக்கொண்டு நான்கு எண்களையும் அழுத்தினார். ரத்தாகிவிட்டது என்று வந்தது.

"இந்த நம்பரையும் மாற்றியாக வேண்டும்" என்றார். "வங்கியில் முருகேசனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது."

"மாற்றுங்கள், சார்" என்றாள் மகேஸ்வரி, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனால் ராமானுஜன் எண் வேண்டாம். ஆயிரத்து எழுநூற்று இருபத்தொன்பதைத்தான் எல்லோரும் அடுத்ததாகப் போட்டுப் பார்ப்பார்கள்."

ஒன்றையும் ஏழையும் அழுத்திவிட்டிருந்த சார் விரலை எடுத்துக்கொண்டார்.